ஒன்பதாம் தாளின் தலைகீழ்க் குழிகள்

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் குழியக்கா. யாரும் அவளை முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் அப்படிக் கூப்பிடாதவரும் யாருமில்லை. மண் ஆய்வு என்றால் ஆள் உயரத்துக்குக் குழி வெட்டி, அதன் சுவரைக் கத்தியால் சுரண்டி, எந்த ஆழத்தில் நிறம் மாறுகிறது, வேர் எதுவரை போகிறது, எங்கே கல் தட்டுகிறது என்று பார்த்து எழுத வேண்டும். மற்றவர்கள் மேலே குந்தி எட்டிப் பார்த்தே எழுதிவிடுவார்கள். இவள் இறங்கிவிடுவாள். ஒருமுறை இவள் உள்ளே இருப்பதை மறந்து ஜீப் கிளம்பிப் போய்விட்டது. அரை மணி கழித்துப் பதறியடித்துத் திரும்பி வந்தவர்களிடம், "போயிட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டாளாம். ஜீப் போனதே தெரியாது அவளுக்கு.

வேலைக்கு நேர்காணலுக்குப் போன அன்று, "பொண்ணு நீ, குழிக்குள்ள எல்லாம் இறங்குவியா?" என்று கேட்டார்கள். "ஏணி குடுப்பீங்களா, குதிக்கணுமா?" என்று கேட்டாள். வேலை கிடைத்துவிட்டது. கல்யாணமான புதிதில் மாமியார் இவள் சேலைக் கரையில் ஒட்டிய சேற்றைப் பார்த்து முகம் சுளித்தபோது, "அது செம்மண் இல்லத்தே, வண்டல்" என்று திருத்தினாள். மாமியார் அதற்கப்புறம் சேற்றைப் பற்றி வாயே திறக்கவில்லை. கணவர் கணக்கு வாத்தியார், சாதுவான மனிதர், துணி துவைக்கும் இயந்திரம் மண் அடைத்து நின்றுபோகும்போதெல்லாம், "இதுல எத்தனாவது அடுக்கும்மா வந்திருக்கு?" என்று கேட்டுவிட்டு அவரே கழற்றிக் கழுவுவார்.

அப்படிப்பட்டவள் வெள்ளிக்கிழமை ஓய்வு பெறுகிறாள். கடைசி வேலை, ஒப்படைப்புக் குறிப்பு எழுதுவது. தன் பொறுப்பில் இருக்கும் வரைபடத் தாள்கள், மாதிரி அறையில் இருக்கும் மண் ஜாடிகள், அவற்றில் தெரிந்த பிழைகள் எல்லாவற்றையும் எழுதி, அடுத்து வருகிறவர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பிழைகள் என்ற தலைப்பின் கீழ் இதுவரை ஓய்வு பெற்ற எல்லோரும் 'இல்லை' என்று எழுதிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். இவளுக்கு அந்த இடம் மட்டுமே எட்டுப் பக்கம் போனது.

"நான்காம் தாளில் ஓடையின் கிழக்கே செம்மண் என்று இருக்கும், ஐந்தாம் தாளில் அதே மண் ஓரக்கோட்டைத் தாண்டியதும் கரிசல் ஆகிவிடும். மண் அங்கே மாறவில்லை, ஆய்வு செய்த குழுதான் மாறியது. இரண்டு தாளையும் ஒட்டிப் பார்க்காமல் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்." "ஆறாம் தாள் அச்சில் மஞ்சளும் வெளிர்பச்சையும் ஒன்றுபோல் தெரியும். நிறத்தை நம்பாமல் எழுத்துக் குறியை மட்டும் பார்க்கவும்." "கிழக்குச் சுவர் அலமாரியின் கீழ்த்தட்டு ஜாடிகளில் மழைநீர் புகுந்து பூஞ்சணம் பிடித்துவிட்டது. அவற்றை எதையும் அளக்கப் பயன்படுத்த வேண்டாம். வீசவும் வேண்டாம், அந்த மலைச்சரிவு மண்ணுக்கு வேறு சாட்சி கிடையாது."

துணை இயக்குநர் புரட்டிப் பார்த்துவிட்டு, "குறிப்பு கேட்டா காவியம் எழுதியிருக்கீங்களேம்மா. ரெண்டு பக்கத்துல முடிங்க" என்றார். சரி சார் என்று வந்தவள் மூன்று பக்கம் சேர்த்தாள்.

வினையே அந்தச் சேர்த்த பக்கங்களில்தான் வந்தது. உடைந்த ஜாடிகள் எத்தனை என்று எழுத மாதிரி அறைக்குள் போனவள், ஒன்பதாம் தாளின் ஜாடிகளைத் துடைத்து வரிசையாக வைத்தாள். ஒரு குழிக்கு ஐந்து ஜாடி. ஒன்று என்பது மேல்மண், ஐந்து என்பது அடிமண், இது அலுவலக வழக்கம். ஒன்றாம் ஜாடியைத் தூக்கினாள். சாம்பல் வெளுப்பில் கட்டி கட்டியான மண், ஊடே வெள்ளைப் பொட்டுகள். உப்பு. ஐந்தாம் ஜாடியைத் தூக்கினாள். கருகருவென்ற பொலபொலப்பான மண். உள்ளே மயிர்போல வேர்கள், கொத்துக் கொத்தாக.

அப்படியே நின்றாள். அடுத்த குழியின் ஜாடிகளை எடுத்தாள். அதுவும் அப்படியே. அந்தத் தாளின் எல்லாக் குழியும் அப்படியே. ஆய்வக அட்டவணையை எடுத்துப் பார்த்தால், ஆழம் போகப் போக மக்கிய சத்து கூடிக்கொண்டே போகிறது. இலையும் சருகும் மேலே விழுந்து மக்குகிற உலகத்தில் சத்து கீழே போகப் போகக் குறையத்தானே வேண்டும்? புல் என்ன, தலைகீழாகவா முளைக்கிறது?

அவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. குழியில் மாதிரி எடுக்கும்போது அடியிலிருந்து தொடங்கித்தான் மேலே வர வேண்டும். மேலிருந்து தொடங்கினால் உதிர்கிற மண் கீழ் அடுக்கில் கலந்துவிடும். ஒன்பதாம் தாளுக்கு மண் எடுத்த கள முகாமில் முறைப்படி அடியிலிருந்து எடுத்திருக்கிறார்கள். ஆனால் எடுத்த வரிசையிலேயே பைக்கு எண்ணும் போட்டுவிட்டார்கள். அடிமண் ஒன்றாம் எண் ஆகிவிட்டது. ஆழம் எழுதிய துண்டுச்சீட்டு ஈரப் பைக்குள் மக்கிப்போயிருக்கும். களக் குறிப்பேடுகளைக் கறையான் தின்றது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆய்வகம் வெளியே இருந்த எண்ணை நம்பியது. தாள் ஆய்வகத்தை நம்பியது. ஒன்பதாம் தாள் முழுக்க மண் தலைகீழாக நிற்கிறது.

மேய்ச்சல் தரையாகக் கிடந்தவரை அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் மூன்று மாதம் முன்பு குடியமர்த்தும் வாரியத்திலிருந்து ஆள் வந்து ஒன்பதாம் தாளின் பிரதி வாங்கிப் போனார்கள். அணையில் ஊர் மூழ்கிய குடும்பங்களுக்கு அந்தத் தரையைப் பிரித்துக் கொடுத்தாயிற்று. மேலே உப்பு, கீழே நல்ல மண் என்று தாள் சொல்வதால், திங்கட்கிழமை தொடங்கி மேலே இரண்டடியை வழித்தெடுத்துவிட்டு நிலத்தை ஒப்படைக்கப் போகிறார்கள். முத்திரை குத்தி அந்தப் பிரதியைக் கொடுத்தவள் இவளேதான். 

துணை இயக்குநரிடம் இரண்டு ஜாடியைத் தூக்கிக்கொண்டு போனாள். அந்த முகாமுக்குத் தலைவராக இருந்தவர் அவர்தான். அப்போது மீசை கறுப்பு.

"கீழேருந்துதானேம்மா எடுத்தோம்? அதுதானே முறை?"

"எடுத்தது சரிதான் சார். எண் போட்டதுதான் மாறிப்போச்சு."

அவர் ஜாடியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காது மடல் சிவந்தது. "ஆத்துப்படுகை அது. பழைய மண்ணு மேல வெள்ளம் புது வண்டலைக் கொண்டுவந்து போட்டு மூடியிருக்கலாம். அப்பவும் கறுப்பு கீழேதான் இருக்கும். ஜாடியை மட்டும் வெச்சு முடிவு கட்ட முடியாது."

அவர் சப்பைக்கட்டு கட்டவில்லை. அப்படியும் நடப்பதுண்டு, அது அவளுக்கும் தெரியும். அதுதான் அவளை இன்னும் படுத்தியது. "அப்போ போய்த் துளைச்சுப் பார்த்துடலாமே சார்."

"நாளன்னிக்கு வழியனுப்பு விழாவை வெச்சுக்கிட்டு வண்டி கேக்கறீங்களே. சந்தேகம்னு ஒரு வரி எழுதுங்க. வர்றவர் பார்த்துக்குவார்."

வாரியத்துப் பொறியாளருக்குத் தொலைபேசி செய்தாள். அவர் மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், தாள்ல உங்க முத்திரை இருக்கு. வாய் வார்த்தைக்கு நான் வேலையை நிறுத்த முடியுமா?"

"எழுதியே தர்றேன்."

"நீங்க வெள்ளிக்கிழமையோட ஓய்வாமே. மறுபடி ஆய்வு பண்ணித் தாங்கன்னு திங்கக்கிழமை நான் யார்கிட்ட கேக்கறது? அங்க நாளைக்கும் இருக்கப்போறவங்க கையெழுத்து வேணும் மேடம்."

வீட்டுக்குப் போயும் இருப்புக் கொள்ளவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தாள். அடுப்பை அணைத்தோமா என்று பார்க்கப் போய், அணைத்த அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வந்தாள். கணவர் பின்னாலேயே போய் அணைத்தார்.

"நீ நடக்கறதைப் பார்த்தா எனக்குத் தலை சுத்துது. உக்காரும்மா."

"எப்படிங்க உக்கார்றது? வழிச்சுட்டாங்கன்னா? மேல்மண்ணு ஒரு தடவை போச்சுன்னா போனதுதாங்க. நம்ம பேரன் காலத்துலகூட திரும்ப வராது."

"வர்றவர் எப்படி? நல்ல மாதிரியா?"

"ஜாடி மூடியைத் திறந்து மோந்து பார்த்துட்டுதான் எண்ணறார்."

"அப்போ நல்ல மாதிரிதான்" என்றார் கணக்கு வாத்தியார்.

வரப்போகிறவர் ஐம்பதை எட்டிக்கொண்டிருந்த மனிதர், வேறு மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். சூடு கண்ட பூனை. முன்பு ஓர் இடத்தில் திறக்காத பெட்டிக்குக் கையெழுத்துப் போட்டு வாங்கி, உள்ளே இருக்க வேண்டிய கருவி இல்லாமல் போய், இரண்டு வருடம் விசாரணைக்கு அலைந்தவர். அதனால் குறிப்பை எழுத்தெழுத்தாகப் படித்தார். நான்காம் தாளையும் ஐந்தாம் தாளையும் மேசையில் ஒட்டிவைத்துப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர் ஒன்பதாம் தாளுக்கு வந்ததும் பேனாவை மூடிவிட்டார்.

"மேடம், ஒண்ணு இதை நீங்க சரி பண்ணிட்டுக் குடுங்க. இல்ல இந்த வரியை எடுத்துடுங்க. பிழைன்னு தெரிஞ்சே வாங்கினா நாளைக்கு அது என் தலையில வந்து விழும்."

"எடுத்துட்டா மட்டும் மண்ணு மாறிடுமா தம்பி?"

"மண்ணு மாறாது. நான் மாட்டிக்க மாட்டேன்."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது அவளுக்கு. ஏதாவது சொல்லியிருப்பாள், ஆனால் அவர் விரல் இன்னும் அந்த வரியின் மேல் இருந்ததைப் பார்த்தாள். பயந்தவன் விரலை எடுத்திருப்பான். இவர் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

"ஒரு பேச்சு. நாளைக் காலையில என்கூட வாங்க. நீங்களே துளைங்க. உப்பு மேல இருந்துச்சுன்னா அந்த வரியை நானே அடிச்சுடறேன். கீழே இருந்துச்சுன்னா நீங்க கையெழுத்துப் போடணும்."

அவர் மூடிய பேனாவைச் சட்டைப்பையில் செருகிவிட்டு, "என் கார்லயே போயிடலாம்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை துளைக்கம்பி, காய்ச்சி வடித்த நீர், உப்பு அளக்கும் கைக்கருவி எல்லாம் காரில் ஏறின. வழி நெடுக அவள் காலை அசைத்துக்கொண்டே வந்தாள். அவர் ஒரு கட்டத்தில், "மேடம், பிரேக் என் பக்கம்தான் இருக்கு" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது; கால் நிற்கவில்லை.

திருப்பத்தைக் கடந்ததுமே புல்டோசர் சத்தம் கேட்டது. திங்கட்கிழமைதான் தொடங்குவார்கள் என்று நம்பி வந்திருந்தாள் அவள். கார் நிற்பதற்குள் கதவைத் திறந்தாள்.

கிழக்குப் பக்கம் இன்னும் புல்தரைதான், அடர்த்தியாக, கணுக்கால் உயரத்துக்கு. அவர் அங்கேயே கம்பியை நிறுத்தித் திருகினார். முதல் திருகில் கறுப்பு மண் வந்தது. அதை அவள் உள்ளங்கையில் வாங்கி, நனைத்து, பிசைந்து, பெருவிரலால் நாடாவாக இழுத்தாள். நெகிழ்ந்து வந்தது. இன்னும் ஆழம் போகப் போக மண் வெளிறியது. இரண்டடி தாண்டியதும் வெள்ளைப் பொட்டுகள். அவர் மேல்மண்ணை ஒரு குப்பியிலும் அடிமண்ணை இன்னொன்றிலும் நீரூற்றிக் குலுக்கினார். தெளியும்வரை காத்திருந்தார், அந்த நேரம் அவளுக்கு ஒரு யுகமாக இருந்தது. கருவியை முக்கினார். மேல்மண்ணில் உப்பென்று சொல்ல ஒன்றுமில்லை. அடிமண்ணில் எண் எகிறியது. துடைத்துவிட்டு மறுபடி முக்கினார். தள்ளிப்போய் வேறு இரண்டு இடங்களில் துளைத்தார். மூன்று இடத்திலும் அதே கதைதான். குறிப்பை வாங்கி, கார் முகப்பின் மேல் வைத்து, ஒன்பதாம் தாள் வரிக்குப் பக்கத்தில் சுருக்கக் கையெழுத்துப் போட்டு, கடைசிப் பக்கத்தில் முழுக் கையெழுத்தும் போட்டார்.

பிறகு இன்னொரு தாளில் எழுதினார். ஒன்பதாம் தாள் திரும்பப் பெறப்படுகிறது. மறு ஆய்வு முடியும்வரை அதை வைத்து எந்த வேலையும் செய்யக் கூடாது. பொறுப்பு, கீழே கையெழுத்திட்டிருப்பவருடையது.  எழுத்து ஒன்றுகூடக் கோணவில்லை.

புல்டோசர் வேலையின் மேற்பார்வையாளர் அதைப் படம் பிடித்து வாரியத்துப் பொறியாளருக்கு அனுப்பினார். பதில் வந்தது. கையை உயர்த்திக் காட்டினார். புல்டோசர் இருமிவிட்டு அடங்கியது. திடீரென்று காற்றின் சத்தம் கேட்டது.

"தப்பிச்சோம் மேடம்" என்றார் அவர். அவருக்கு வியர்த்திருந்தது.

 அவள் மேற்கு ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஆறு குடும்பங்களின் பங்கு நிலத்தை வழித்தாயிற்று. சலவைக்குப் போய்வந்த துணிபோல வெளுத்துக் கிடந்தது. வழித்த மண்ணைத் தேடினாள். குவியல் எதுவும் இல்லை.

"அந்த மண்ணெல்லாம் எங்க?"

"ரோட்டுக்குக் கரை கட்டப் போயிடுச்சு மேடம்" என்றார் மேற்பார்வையாளர். "தண்ணி ஊத்தி உருளை விட்டு கெட்டிப்படுத்தியாச்சு. உப்பு மண்ணுதானே, வேற எதுக்கு ஆகும்?"

வழித்த நிலத்தின் ஓரத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். அந்த ஆறு பங்கில் ஒன்று அவளுடையதாம்; வேலை நடப்பதைப் பார்க்க விடிந்ததுமே வந்துவிட்டாளாம். குழியக்காவின் கையில் ஒட்டிய மண்ணைப் பார்த்துவிட்டு, ஆய்வு செய்ய வந்த அம்மா என்று புரிந்துகொண்டு அருகே வந்தாள்.

"பாருங்கம்மா, எப்படி சுத்தமா வெள்ளையா வந்திருக்குன்னு. எங்களுதுலதான் முதல்ல ஆரம்பிச்சாங்க. அந்தப் பக்கத்துக்காரங்களுக்கு அவ்வளவு பொறாமை. ஏம்மா மெஷினை நிறுத்திட்டாங்க?"

ஓய்வு பெறுவதற்குச் சில மணி நேரம் இருந்தது. அந்தப் பெண்ணிடம் அதை வரப்போகிறவர் சொல்லட்டும் என்று விட்டுவிட வழி இருந்தது. அவர் சொல்வதற்குத் தயாராக ஒரு அடி முன்னால் வந்தும்விட்டார். அவள் கையால் அவரை நிறுத்தினாள்.

"உன் நல்ல மண்ணை எடுத்துட்டாங்கம்மா. எங்க தாள் தப்பு. இது உப்பு. இதுல ஒண்ணும் வராது."

அந்தப் பெண் சிரித்தாள், ஏதோ கேலி செய்கிறார்கள் என்று நினைத்து. பிறகு குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. அதை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருக்கலாம். "அப்போ அவங்களுது?" என்று புல்தரைப் பக்கம் கையைக் காட்டினாள்.

"அது நல்லா இருக்கு."

அந்தப் பெண் தலையை ஆட்டிக்கொண்டு தன் நிலத்தின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் விழாவில் துணை இயக்குநர் பேசினார். எழுதி வைத்திருந்த காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, "அந்த முகாமுக்கு நான்தான் தலைவன்" என்று தொடங்கினார். அதோடு ஒலிவாங்கியைத் தள்ளிவைத்துவிட்டார். சுவர்க் கடிகாரம் பரிசாகக் கொடுத்தார்கள். கைதட்டினார்கள். கணவர் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து இவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அந்த நாற்காலியில் முள் முளைத்ததுபோல் இருந்தது. அடுத்த பேச்சாளர் ஒலிவாங்கியைப் பிடிப்பதற்குள் எழுந்து, வரப்போகிறவரின் மேசைக்குப் போனாள். அவரும் பின்னாலேயே வந்தார்.

"குறிப்புல ஒண்ணு விட்டுப்போச்சு தம்பி."

"நான் கையெழுத்துப் போட்டுட்டேனே மேடம்."

"மறுபடி ஒண்ணு போடுங்க."

அவர் மறுக்கவில்லை. குறிப்பைத் திறந்து, பேனாவைக் கொடுத்தார். அவள் நின்றபடியே பிழைகள் என்ற தலைப்பின் அடியில், ஒன்பதாம் தாளைப் பற்றிய வரிக்குக் கீழே எழுதினாள்: "மேற்கு ஓரத்து ஆறு நிலங்களில் மட்டும், மேலே உப்பு என்று தாள் சொல்வது சரி. இன்று காலையிலிருந்து."